தொன் கணக்கில் மறையும் செலவு

களஞ்சியக் கட்டணத்தைத் தொன் கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ ஒரே வீதமாக வசூலிப்பது நம்மவர் வழக்கம். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. எடைக்கு ஏற்ற கூலி என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் களஞ்சியத்தில் செலவை உண்டாக்குவது எடை அல்ல, வேலை. பாசிக்குடாப் பகுதியில் இந்த வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். பெரும்போக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் மூடை மூடையாக வரும் நெல்லும் அரிசியும் ஒரு பக்கம். போருக்குப் பின் கடற்கரையோரம் எழுந்த ஹோட்டல்களுக்கு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் சவர்க்காரம், தேயிலை, டின் உணவு மறுபக்கம். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்து ஒரே வீதம் போட்டால் ஒருவர் மற்றவருடைய செலவைச் சுமக்கிறார்.

வாழைச்சேனைப் பக்கத்தில் இப்படியொரு களஞ்சியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. மாதச் செலவு 600,000 ரூபா: இடத்துக்கு 200,000, ஐந்து பேரின் சம்பளத்துக்கு 400,000. அரிசி வியாபாரி 80 தொன் வைத்திருக்கிறார். ஹோட்டல்களுக்குப் பொருள் கொடுப்பவர் 20 தொன். தொன்னுக்கு 6,000 ரூபா என்றால் அரிசிக்காரர் 480,000 கட்டுவார், மற்றவர் 120,000.

இனி வேலையைப் பார்ப்போம். ரொபர்ட் கப்லானும் ரொபின் கூப்பரும் 1980களில் செயற்பாட்டு அடிப்படைக் கிரயத்தை முன்வைத்தபோது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஊழியர்களிடமே கேட்டு வீதம் பிரித்தார்கள். அதில் ஒரு கோளாறு உண்டு: யாரும் தம் நாளில் கால்வாசி சும்மா இருந்ததாகச் சொல்லமாட்டார்கள், எல்லாம் கூட்டினால் நூறு வீதம் வந்துவிடும். 2004இல் கப்லானும் ஸ்டீவன் அண்டர்சனும் இதை நேரக் கணக்காக மாற்றினார்கள். நம் களஞ்சியத்தில் ஐந்து பேர், 26 நாள், எட்டு மணி நேரம். ஓய்வு, தேநீர் போக எண்பது வீதம் எடுத்தால் ஏறத்தாழ 50,000 நிமிடம். ஆக ஒரு நிமிடம் 8 ரூபா. அதன்பின் கடிகாரத்தோடு நின்று அளப்பதுதான் மிச்சம்.

அரிசி 1,600 மூடை. ஒரு மூடையை இறக்கி அடுக்க இரண்டு நிமிடம், ஏற்ற இரண்டு நிமிடம். எட்டு லொறிச் சிட்டைக்கு 400 நிமிடம். மொத்தம் 6,800 நிமிடம், 54,400 ரூபா. ஹோட்டல் பொருளில் 1,000 பெட்டி வருகிறது. காலாவதித் திகதி பார்த்துத் தட்டில் வைக்க ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். வெளியே போவது 450 ஓடர். ஒவ்வொன்றிலும் எட்டு வகைப் பொருள். வகைக்கு நான்கு நிமிடம், சிட்டைக்கும் கட்டுவதற்கும் இருபது நிமிடம். திரும்பி வரும் சரக்குக்கு 600 நிமிடத்தையும் சேர்த்தால் 28,000 நிமிடம், 224,000 ரூபா. இடத்திலும் அப்படியே. அரிசியை உயர அடுக்கலாம். மற்றதற்குத் தட்டும் நடைபாதையும் வேண்டும். 4,000 சதுர அடியில் அரிசிக்கு 1,200, ஹோட்டல் பொருளுக்கு 1,800 என்றால் 60,000, 90,000 ரூபா. கூட்டிப் பாருங்கள்: அரிசிக்கு 114,400, ஹோட்டல் பொருளுக்கு 314,000. மீதி 171,600 ரூபா பயன்படாத நேரமும் வெற்று இடமும். தொன் வீதம் இந்த மூன்றாவது தொகையைச் சத்தமில்லாமல் அரிசிக்காரர் தலையில்தான் பெரும்பாலும் கட்டியிருந்தது. இந்த நிலை நீடித்தால் அறிகுறி தானே தெரியும்: அரிசிக்காரர் விலகுவார், சில்லறை ஓடர்க்காரர் பெருகுவார், எடை ஏறாமலே மேல்நேரக் கூலி ஏறும்.

“உண்மைக் கிரயத்தைக் கேட்டால் ஹோட்டல்காரர் ஓடிவிடுவார்” என்பார்கள். கிரயம் வேறு, விலை வேறு. தெரிந்தே சலுகை கொடுக்கலாம். தெரியாமல் கொடுப்பதுதான் நட்டம். ஓடருக்கு ஒரு கட்டணம், வகைக்கு ஒரு கட்டணம் என்று பிரித்தால் அவரே இரண்டு நாளுக்கு ஒருமுறை வாங்கக் கூடும். அப்போது 225 சிட்டைகளின் வேலை, அதாவது 4,500 நிமிடம் குறையும். எடுத்து வைக்கும் வேலை குறையாது. அந்த 36,000 ரூபாவும் நேரத்தை வேறு வேலைக்குத் திருப்பினால்தான் கைக்கு வரும்; சம்பளம் அதேதானே.

வெற்றுத் தொகையை யார் கட்டுவது என்பது வலுவான ஆட்சேபம். என் தீர்ப்பு இது: யாருடைய உச்சத்துக்காக ஒதுக்கி வைத்தோமோ அவர். கிழக்கின் கடல் அமைதியாகும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் ஹோட்டல்களுக்குச் சீசன். மழை மாதங்களிலும் தட்டுகளைத் தமக்கே வைத்திருக்கச் சொன்னால் ஒதுக்கீட்டுக் கட்டணம் அவர்களுடையது. அப்படி யாரும் கேட்காத வெற்றிடம் களஞ்சிய உரிமையாளரின் நட்டம். அதை எந்த வாடிக்கையாளரின் சிட்டையிலும் எழுதக் கூடாது.