மூன்று எண்களும் ஒரு பிளேன்டீயும்

"சேர், நான் எண்டோமோர்ப். எனக்கு ஓட்டம் சரிவராதுதானே?"

வரக்காப்பொலயில் கண்டி வீதியோரக் கடையொன்றில், பிளேன்டீ ஆறுவதற்குள் வந்த கேள்வி இது. கேட்டவள் உயர்தர மாணவி. மெலிந்தவர் எக்டோமோர்ப், தசைக்கட்டுள்ளவர் மெசோமோர்ப், உருண்டை உடம்புக்காரர் எண்டோமோர்ப் என்று மூன்று படங்களைப் பார்த்து, தனக்கொன்றை அவளே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பெயர்களை 1940இல் பரப்பிய வில்லியம் ஷெல்டன்கூட ஆளுக்கொரு வகை என்று சொல்லவில்லை. மூன்று தன்மைகளுக்கும் 1 முதல் 7 வரை ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்தார். அவர் சறுக்கியது வேறிடத்தில்: உடம்பை வைத்துக் குணத்தையும் சொல்லப் போனார். மெலிந்தவர் கூச்சக்காரர், பருத்தவர் சுகவாசி என்ற அந்தக் கதையை அறிவியல் கைவிட்டுவிட்டது. 1967இல் ஹீத்தும் கார்ட்டரும் கண்மதிப்பை விட்டு, அளவுநாடாவையும் தோல்மடிப்புக் கருவியையும் எடுத்தார்கள். 4-5-2 என்று வந்தால் கொழுப்பு நடுத்தரம், தசையும் எலும்பும் சற்றுக் கூடுதல், ஒடிசல் குறைவு. பயிற்சியும் சாப்பாடும் மாறினால் எண்ணும் மாறும்.

உடல் அமைப்பு என்பது இன்னொரு கேள்வி: இருக்கும் நிறையில் கொழுப்பு எவ்வளவு, மீதி எவ்வளவு? பில் துண்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இரண்டு பையன்கள், இருவரும் 160 சென்ரிமீற்றர், 60 கிலோ. உடல் நிறைச் சுட்டெண் இருவருக்கும் 23.4. ஆசியர்களுக்குக் கவனம் தேவை என்று சொல்லப்படும் 23ஐ இருவருமே தாண்டுகிறார்கள். ஒருவனிடம் கொழுப்பு நூற்றுக்கு 12 என்றால் 7.2 கிலோ, மற்றவனிடம் 25 என்றால் 15 கிலோ. தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

தோல்மடிப்புக் கருவிக்குத் தெரியும், பிடிக்கும் கை சரியாயிருந்தால். மேற்கையின் பின்புறம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், தசையை விட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் தூக்க வேண்டும். தசையும் சேர்ந்து வந்தால் எண் ஏறிவிடும். ஒரு விரல் தள்ளிப் பிடித்தாலும் மாறும். அதனால் ஒரே ஆள் இரண்டு முறை அளப்பது நல்லது.

இனி அவள் கேள்விக்கு வருவோம். குண்டு போடுபவர்கள் பொதுவாகப் பருமனானவர்கள்தான், மறுக்கவில்லை. அது உச்சத்துக்குப் போனவர்களின் சராசரி. பதினேழு வயதுப் பிள்ளையைத் தெரிவு செய்யும் அளவுகோல் அல்ல. உசைன் போல்ட் 195 சென்ரிமீற்றர். அதே ஜமைக்காவின் ஷெலி-ஆன் பிரேசர் 152. இருவரும் 100 மீற்றரில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள்.

"சுசந்திகா?" என்றாள். சுசந்திகா இந்த வரக்காப்பொலப் பக்கத்துப் பிள்ளைதான். சிட்னி 2000, 200 மீற்றர் இறுதி: 22.28 செக்கன். அன்று வெண்கலம், முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்ட பிறகு வெள்ளி.

திங்கட்கிழமை இவளுக்கு நூறு மீற்றர் நேரம் எடுக்கிறோம்.