வண்ணம் அரைத்த கைகள்

பழைய ஓவியர்கள் நஞ்சைத் தொட்டுத்தான் வரைந்தார்கள் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மை. ஈய வெள்ளை, சாதிலிங்கச் சிவப்பு, ஆசனிக் பச்சை ஆகிய மூன்றும் நஞ்சுதான். ஆனால், எண்ணெயில் குழைந்து, காய்ந்து, சட்டத்துக்குள் தொங்கும் வண்ணம் பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்யாது. தூளாகப் பறக்கும்போதும், விரலிலிருந்து வாய்க்குப் போகும்போதும், ஆவியாகும்போதும்தான் அது ஆளைக் கெடுக்கும். ஆகவே படத்தைப் பார்த்தவரை விட, வரைந்தவரும், அவரையும் விட வண்ணத்தைச் செய்து கொடுத்த தொழிலாளியுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

முதலில் ஈய வெள்ளை. தமிழில் 'வெள்ளீயம்' என்றால் அது வேறு உலோகம். இது ஈயத்திலிருந்து எடுக்கும் வெள்ளை. அறபியில் இதற்கு 'இஸ்ஃபிதாஜ்' என்று பெயர். ஒல்லாந்தர் கைக்கொண்ட முறையில், மண்சட்டியின் அடியில் கொஞ்சம் வினாகிரி ஊற்றி, அதற்கு மேலே ஈயத் தகட்டைச் சுருட்டி வைப்பார்கள். அப்படியான சட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கி, குதிரைச் சாணத்தால் மூடி, அறையை அடைத்துவிடுவார்கள். சாணம் புளித்துச் சூடேறும், காபனீரொட்சைட்டும் வெளிவரும். அந்தச் சூட்டில் வினாகிரி ஆவியாகி ஈயத்தை அரிக்கும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் தகட்டின் மேல் வெள்ளைப் பொருக்கு தடிப்பாகப் படிந்திருக்கும்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். பொருக்கைத் தட்டி உதிர்க்க வேண்டும், அரைக்க வேண்டும், கழுவிக் காயவைத்து அள்ள வேண்டும். இந்த வேலைகளில் தூசு மூக்கிலும் வாயிலும் போகும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சுமையைத் தூக்கியவர்களில் பலர் ஏழைப் பெண்கள். முதலில் வயிறு முறுக்கி வலிக்கும், மலம் கட்டும், முகம் வெளிறும். ஈறின் ஓரத்தில் நீலக் கோடு ஒன்று விழும். பிறகு மணிக்கட்டு தளர்ந்து, கை கீழே தொங்கிப்போகும். தூரிகை பிடிப்பவருக்கு இது தொழிலே போன மாதிரி. கர்ப்பிணிகளுக்குக் கருவும் கலையும். வேலையை விட்டாலும் ஈயம் சும்மா விடாது. உடம்பு அதைக் கல்சியம் போல எடுத்து எலும்பில் சேர்த்து வைக்கும். பல வருடம் கழித்தும் அது இரத்தத்துக்குக் கசியும்.

அடுத்தது சாதிலிங்கம், அறபு எழுத்தாளர்கள் 'ஸன்ஜஃபர்' என்று எழுதியது இதைத்தான். இரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள் இது. தண்ணீரில் இலேசில் கரையாததால் சிவப்புத் தூள் அவ்வளவு வேகமாக உடம்பில் ஏறாது. ஆனால் அதைச் செய்ய இரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். அப்போது எழும் இரச ஆவிதான் கைநடுக்கத்தையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவரும். வாய்வழியாகப் போன கதையும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வைத்தியர் பெர்னெல், ஒரு ஓவியரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு முதலில் விரலும் கையும் நடுங்கின, பிறகு கால்களும், வயிற்றுவலி வேறு. தூரிகையிலிருந்த வண்ணத்தை விரலால் பிழிவதும், வாயில் வைத்து உறிஞ்சுவதும் அவருடைய பழக்கம். 1700இல் தொழில் நோய்கள் பற்றி நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமாஸினி இந்தக் கதையை எடுத்துச் சொல்லி, ஓவியரின் நோய்க்குக் காரணம் அவருடைய வண்ணங்களே என்றார்.

மூன்றாவது ஆசனிக் பச்சை. 1775இல் ஷீலே என்ற இரசாயனவியலாளர் செம்பையும் ஆசனிக்கையும் சேர்த்து இதைச் செய்தார். பின்னர் 1814இல் இன்னும் பிரகாசமான பச்சை வந்தது. ஓவியத்தோடு நிற்காமல், சுவர்க்கடதாசி, துணி, காகிதப்பூ எல்லாவற்றிலும் அது ஏறியது. லண்டனில் மட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண்ணின் வேலை, செயற்கை இலைகளுக்குப் பச்சைத் தூள் தூவுவது. தூளைச் சுவாசித்தாள், கையில் ஒட்டியது சாப்பாட்டோடு உள்ளே போனது. 1861 நவம்பரில் அவள் இறப்பதற்கு முன் எடுத்த வாந்தி பச்சையாக இருந்தது. கண்ணின் வெள்ளையும் பச்சையாகிவிட்டது. உடலைப் பரிசோதித்தபோது ஈரலிலும் நுரையீரலிலும் ஆசனிக் இருந்தது. அந்தப் பச்சை இலைகளைத் தலையில் சூடியவர்கள் சீமாட்டிகள்.

தெரிந்துகொண்டே ஏன் விடவில்லை? ஈய வெள்ளை போல அடியை மறைத்து, வெடிக்காமல் நெகிழ்ந்து நிற்கும் வெள்ளை வேறு கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வந்த நாக வெள்ளை நஞ்சில் குறைவு. ஆனால் மறைக்கும் சக்தியும் குறைவு, காய்ந்தால் நொறுங்கும். 1921இல்தான் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதைப் பொதுவாகத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றது. ஓவியக் கலைக்கு அது விலக்களித்தது.

இதில் வீட்டுக்கு வேண்டிய விசயம் ஒன்று உண்டு. பழைய கதவு யன்னல்களின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அது பூசியபடி கிடக்கும் வரை பெரிய பயமில்லை. உலர்ந்தபடியே உரஞ்சினால் தூசாகும், தீ பிடித்துச் சுட்டால் ஆவியாகும். நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, அந்த நேரம் சின்னப் பிள்ளைகளை அப்பால் வைத்தால், அந்த வழிகள் பெருமளவு அடைபடும்.