எண்ணெய் பிரிந்தால்தான் தொக்கு

தக்காளி விலை இறங்கியதும் கிலோ கணக்கில் வாங்கித் தொக்கு கிளறுவது பல வீடுகளில் வழக்கம். அது சீக்கிரம் கெட்டுப்போனால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உள்ளே தங்கிய ஈரம். தக்காளியின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே!

நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி ஒரு கிலோவுக்கு 150 மில்லி நல்லெண்ணெயும் நெல்லிக்காய் அளவு புளியும் போதும். அடிகனமான வாணலியில் பாதி எண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்ததும் பெருங்காயம் போட்டு, நறுக்கிய தக்காளியையும் புளியையும் கல்லுப்புடன் வதக்க வேண்டும். மூடி போடக் கூடாது. ஆவி வெளியேற வேண்டும். தக்காளி குழைந்ததும் தீயைக் குறைத்து, மஞ்சள்தூள், 3 மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், மீதி எண்ணெய் சேர்த்துக் கிளறலாம்.

இனி அவசரம் கூடாது. தீயைக் கூட்டினால் அடிபிடித்து மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும்; ஈரமோ உள்ளேயே நிற்கும். தண்ணீர் இருக்கும்வரை எண்ணெய் விழுதோடு கலந்தே கிடக்கும், விழுதும் தெறிக்கும். முக்கால் மணி நேரத்தில் தெறிப்பு அடங்கி, ஓரங்களில் எண்ணெய் மிதக்கும். கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் அது மூடிக்கொள்ளாமல் நிற்கும். அதுதான் பதம்.

வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை தேக்கரண்டி தூவி இறக்கலாம்.

சூட்டோடு மூடினால் ஆவி நீராகி உள்ளே சொட்டும், பூசணம் பிடிக்கும். நன்கு ஆறியபின் உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் அடைத்து, மேலே எண்ணெய் மூடி நிற்கும்படி குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டி படாவிட்டால் இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும்.