எழுதினால் மட்டுமே நகல்

இணையக் கடையில் நீங்கள் கூடையில் போட்டு வைத்த பொருள்களின் பட்டியல், பல இடங்களில், ரெடிஸ் என்ற மென்பொருளின் பொறுப்பில் இருக்கும். அது எல்லாத் தரவையும் ரேமிலேயே வைத்திருப்பதால் கேட்டவுடன் பதில் தருகிறது. ஆனால் மின்சாரம் போனால் ரேமில் இருப்பது அழிந்துவிடும். அதனால் அவ்வப்போது முழுத் தரவையும் டிஸ்க்கில் எழுதிவைக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். 8 ஜிபி தரவை எழுத ஒரு நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். அந்த நிமிடத்திலும் வாடிக்கையாளர்கள் பொருள்களைச் சேர்ப்பார்கள், நீக்குவார்கள். டிஸ்க்கில் பதிவாவதோ ஒரே கணத்தின் நிலையாக இருக்க வேண்டும். பாதி பழையது, பாதி புதியது என்றால் அது பயன்படாது.

இதற்கு ரெடிஸ் செய்வது ஒன்றே ஒன்று. `fork()` என்று லினக்ஸ் கர்னலை அழைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் இரண்டாகிறது. தாய் ப்ராசஸ் வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறது. சேய் ப்ராசஸ் தரவை டிஸ்க்கில் எழுதிவிட்டு முடிந்துபோகிறது. இருவருக்கும் தனித்தனி நினைவகம் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் 8 ஜிபியும் நகலெடுக்கப்பட்டு 16 ஜிபி ஆக வேண்டுமே? ஆவதில்லை.

கர்னல் நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து நிர்வகிக்கிறது. ஒரு பக்கம் வழக்கமாக 4 கேபி. 8 ஜிபிக்குச் சுமார் 21 லட்சம் பக்கங்கள். எந்தப் பக்கம் ரேமில் எங்கே இருக்கிறது என்பதைப் பக்க அட்டவணை சொல்லும். அதில் ஒரு பதிவுக்கு 8 பைட். ஃபோர்க்கின்போது கர்னல் பக்கங்களைத் தொடுவதில்லை, அட்டவணையை மட்டும் நகலெடுக்கிறது. மொத்தம் 16 எம்பி. 8 ஜிபியோடு ஒப்பிட்டால் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமாகும் நேரமும் இடமும் இங்கிருந்துதான் வருகின்றன.

கூடவே, இரு அட்டவணைகளிலும் அந்தப் பக்கங்களை ‘படிக்க மட்டும்’ என்று கர்னல் குறித்துவிடுகிறது. இனி தாய் ஒரு பக்கத்தில் எழுத முயன்றால் பிராசஸர் அதைத் தடுத்துக் கர்னலிடம் ஒப்படைக்கும். இது உண்மையில் எழுத அனுமதி உள்ள பக்கம்தான், இப்போது இருவர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று கர்னல் கண்டுகொள்ளும். புதிதாக ஒரு பக்கம் ஒதுக்கி, 4096 பைட்டையும் அதில் நகலெடுத்து, தாயின் அட்டவணையைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, எழுத விடும். பழைய பக்கம் சேயிடம் அப்படியே இருக்கிறது. சேய் பார்ப்பது எப்போதும் ஃபோர்க் நடந்த கணத்தின் தரவு. நமக்கு வேண்டியதும் அதுவே. சேய் முடிந்த பிறகு தாய் இதுவரை தொடாத பக்கத்தில் எழுதினால், பங்காளி யாரும் இல்லை என்று பார்த்துக் கர்னல் நகலெடுக்காமலே அனுமதி தந்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில் 50,000 வெவ்வேறு பக்கங்களில் மாற்றம் நடந்தால் கூடுதல் செலவு சுமார் 200 எம்பி. எல்லாப் பக்கங்களிலும் எழுதினால் மட்டுமே நினைவகம் இரட்டிக்கும். ரெடிஸ் இதை அறிந்தே எழுதப்பட்டது. சேய் ஓடும்போது தன் உள் அட்டவணைகளின் அளவை மாற்றி அடுக்கும் வேலையை அது கூடியவரை தவிர்க்கும். ஏனென்றால் அந்த வேலை வாடிக்கையாளர் யாரும் கேட்காமலே ஏராளமான பக்கங்களைத் தொடும்.

ஆனால் இந்தச் சிக்கனம் முழுக்கப் பக்கத்தின் சிறு அளவைச் சார்ந்தது. லினக்ஸில் 2 எம்பி பெரும்பக்கங்களைத் தானாகவே பயன்படுத்தும் வசதி உண்டு. அது இயங்கினால் அதே 8 ஜிபி 4096 பக்கங்களாகச் சுருங்கும். ஃபோர்க் இன்னும் வேகமாகும். பிறகுதான் தொல்லை: பழைய கர்னல்களில் சில பைட் மாறினாலும் 2 எம்பி நகலாகலாம். அத்தகைய கர்னலில் அங்குமிங்குமாக 50,000 இடங்களில் எழுதினால் ஏறக்குறைய எல்லாப் பெரும்பக்கங்களும் தொடப்பட்டு 8 ஜிபியும் நகலாகிவிடும். பதில்கள் தாமதமாகும். ரேம் போதாவிட்டால் கர்னல் ரெடிஸையே நிறுத்திவிடக்கூடும்.

ரெடிஸ் சர்வரைப் பராமரிப்பவர்கள் இதை எளிதாகச் சோதிக்கலாம்.

```
redis-cli INFO | grep -E "latest_fork_usec|rdb_last_cow_size"
cat /sys/kernel/mm/transparent_hugepage/enabled
```

முதல் வரி, கடைசி ஃபோர்க் எத்தனை மைக்ரோ செகண்ட் எடுத்தது, கடைசிச் சேமிப்பில் எத்தனை பைட் நகலானது என்று காட்டும். நகல் அளவு தரவின் மொத்த அளவை நெருங்கினால் இரண்டாவது வரியின் விடையைப் பாருங்கள். அதில் `[always]` என்று இருந்தால் `madvise` அல்லது `never` என்று மாற்றி, ரெடிஸை மறுபடி தொடங்குங்கள்.