குளிரில் உறங்கும் மின்னேற்றி



டிக்கோயாவில் தை மாதத்து விடியற்காலையை அறிந்தவர்களுக்கு அதன் குளிரைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய 4,000 அடி உயரத்திலுள்ள அந்த மலைச்சரிவில், பெரட்டுக்குப் புறப்படுமுன் கைபேசியை மின்னேற்றியில் பொருத்துகிறார் ஒருவர். சார்ஜர் என்று நாமெல்லோரும் அழைக்கும் அச் சிறு பெட்டியின் விளக்கு ஒரு முறை மினுக்கி அணைகிறது, மறுபடியும் மினுக்குகிறது, ஆனால் மின் ஏறவில்லை. மாலையில் அடுப்படி அருகே அதே பெட்டி குறையின்றி வேலை செய்கிறது. “குளிர்தான் காரணம்” என்று அவர் அமைதியடைகிறார். அது பாதி உண்மை. குளிர் நோயை உண்டாக்கவில்லை; உள்ளிருந்த நோயைக் காட்டிக்கொடுத்தது. அந்த நோய் யாது என்பதையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ற் ஆடலோட்டம். அது செக்கனுக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக அலைவது. மின்னேற்றியினுள் முதலில் அது ஒரே திசையில் செல்லும் ஓட்டமாக மாற்றப்படுகிறது. எனினும் அது சீராக வருவதில்லை. செக்கனுக்கு நூறு துடிப்புகளாக எழுந்து எழுந்து விழுகிறது. பீலியில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் நாம் என்ன செய்வோம்? கீழே ஒரு பாத்திரத்தை வைத்து, அதிலிருந்து சீராக மொண்டுகொள்வோம். மின்னேற்றியில் அப் பாத்திரத்தின் வேலையைச் செய்வது கொள்ளளவி என்னும் உறுப்பு. வாயிலில் ஒன்றும், ஐந்து வோல்ற்றாகக் குறைந்த மின் வெளியேறும் இடத்தில் இன்னொன்றுமாக, சிறு தகரக் குழல்போன்ற இரண்டையேனும் அங்குக் காணலாம்.

இந்தக் குழலினுள் இரண்டு அலுமினியத் தகடுகள், இடையே காகிதத்துடன், பாய்போலச் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. ஒரு தகட்டின்மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டு. மின்னைத் தடுத்து நிறுத்துவது அதுவே. காகிதத்தில் ஊறியிருப்பது மின்பகுதிரவம். அந்த ஈரமே இரண்டாவது தகட்டை ஒட்சைட்டுப் படலத்தோடு நெருக்கமாக இணைக்கிறது. ஆகவே இவ்வுறுப்பின் உயிர் அதன் ஈரத்தில் இருக்கிறது. குழலின் அடியை அடைத்திருப்பது ஒரு றப்பர்த் தக்கை. எவ்வளவு இறுக்கமாக அடைத்தாலும், வெப்பத்தில் ஆவியாகும் திரவம் அத் தக்கையின் வழியே சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில், வெளியேறிக்கொண்டே இருக்கும்.

ஈரம் குறையக் குறைய இரண்டு தீமைகள் நேர்கின்றன. முதலாவது, பாத்திரம் சிறுத்துப்போகிறது. கொள்ளும் மின்னின் அளவு குறைகிறது. இரண்டாவது, உள்தடை ஏறுகிறது. மின் உட்புகவும் வெளிவரவும் சிரமப்படுகிறது. அந்தச் சிரமம் வெப்பமாகிறது. வெப்பம் மேலும் ஈரத்தை உலர்த்துகிறது. இவ்வாறு நோயே நோயை வளர்ப்பதனால், முதல் இரண்டு ஆண்டுகளில் ஒன்றும் தெரியாதிருந்த பெட்டி, பிறகு சில மாதங்களில் விரைந்து தளர்ந்துவிடுகிறது.

மலிவான மின்னேற்றிகளில் இது ஏன் முந்தி நிகழ்கிறது? ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். 105 பாகை வெப்பத்தில் 1,000 மணி நேரம் உழைக்கும் என்று தயாரிப்பாளர் கூறும் ஒரு சாதாரணக் கொள்ளளவியை எடுத்துக்கொள்வோம். வெப்பம் பத்துப் பாகை குறையுந்தோறும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது இத்துறையில் வழங்கும் விதி. பெட்டியினுள் இடநெருக்கடி, கொதிக்கும் உறுப்புகளுக்குப் பக்கத்திலேயே கொள்ளளவி அமர்ந்திருக்கிறது. அதன் வெப்பம் 75 பாகை என்று கொண்டால், முப்பது பாகை குறைவுக்கு ஆயுள் மும்முறை இரட்டித்து 8,000 மணி நேரமாகிறது. ஒரு காம்பராவில் மூன்று கைபேசிகளுக்கு ஒரே மின்னேற்றி, நாளுக்கு எட்டு மணி நேரம் உழைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் நாட்கள், அதாவது மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு, கணக்காகிறது. அதையே குளிருக்குப் போர்த்திய கம்பளிக்கு அடியில் வைத்து, வெப்பம் இன்னும் பத்துப் பாகை ஏறினால், ஐந்நூறு நாட்களே மிஞ்சும். விலையைக் குறைப்பதற்காக 105 பாகைக்குப் பதிலாக 85 பாகைக்கு உரிய உறுப்பைப் பொருத்தியிருந்தால், ஆயுள் அதனினும் நான்கில் ஒரு பங்காகும். இது மதிப்பீடேயன்றி நாட்குறிப்பன்று. ஆயினும் ஒரு பெட்டி பத்தாண்டு உழைக்க, இன்னொன்று இரண்டாண்டில் ஓய்வதன் காரணம் இதில் அடங்கியுள்ளது.

இனி, விடியற்காலைப் புதிருக்கு வருவோம். குளிரில் மின்பகுதிரவம் தடித்து, அதன் தடை ஏறுகிறது. புதிய கொள்ளளவிக்கு டிக்கோயாக் குளிர் ஒரு பொருட்டன்று. பாதி உலர்ந்த கொள்ளளவிக்கோ, ஏற்கெனவே ஏறிய தடையின்மேல் இதுவும் சேர்கிறது. மின்னேற்றி தொடங்க முயல்கிறது. பாத்திரத்தில் போதிய மின் நிற்பதில்லை. உடனே நின்றுவிட்டு மீண்டும் முயல்கிறது. விளக்கு மினுக்குவது அதனாலேயே. அடுப்படியில் சூடேறியதும் தடை குறைந்து வேலை செய்கிறது. ஆகவே, குளிரில் மறுத்துச் சூட்டில் இணங்கும் மின்னேற்றி, முதுமையடைந்த கொள்ளளவியை உடையது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதனை அடுப்பருகே காய்ச்சி எழுப்புவது மிஞ்சிய ஈரத்தையும் உலர்த்துவதாகும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. முன்பு இரண்டு மணியில் நிரம்பிய கைபேசி இப்போது நான்கு மணி கேட்கும். மின்னேறும் வேளையில் மட்டும் திரை விரலுக்கு அடங்காமல் தானே குதிக்கும். சீராக்கப்படாத மின்னலைகள் உட்புகுவதன் விளைவு அது. முன்பில்லாத ‘சீ’ என்ற ஒலி கேட்கும். பெட்டி கையால் பற்ற முடியாதபடி சுடும். மீன்வாடை போன்ற நெடி வீசும். மூடியின் பொருத்து வாயில் பழுப்புக் கறை படியும். மெல்லிய ஒலியோ இளஞ்சூடோ தனித்து நின்று எதையும் நிரூபிக்காது. நல்ல பெட்டியிலும் அவை உண்டு. மாற்றம் தோன்றுவதே கவனிக்கத்தக்கது.

முடிவு செய்யுமுன் கம்பியை மாற்றிப் பாருங்கள். குற்றம் பலமுறை கம்பியினுடையதே. பிறகு அதே கைபேசியை, அதே சுவர்த்துளையில், வேறொரு மின்னேற்றியால் சோதியுங்கள். அது ஒழுங்காக ஏற்றினால் பழையதை ஒதுக்கிவிடுங்கள். கடும் சூடோ நெடியோ கண்டால் சோதனைக்கும் காத்திராது, சுவரின் ஆளியை அணைத்துக் கழற்றிவிடுக. பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆவல் வேண்டா. வாயிலிலுள்ள கொள்ளளவி, சுவரிலிருந்து கழற்றிய பின்னரும் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னைச் சிறிது நேரம் தன்னுள் வைத்திருக்கக்கூடும்.

நள்ளிரவில் லயத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், 1990 என்ற எண்ணுக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்கக் கைபேசியே துணை. அன்றிரவு அது வெறுமையாய்க் கிடப்பதற்கு முன், பல நாள் விடியலில் அந்தச் சிறு விளக்கு மினுக்கிச் சொல்லியிருக்கும். அதனைக் குளிரின்மேல் பழியிட்டு விட்டுவிடாதீர்கள்.