அடுப்படி வேதியியல் – 9: சடசடப்பு அடங்கும் நேரம்

தெற்கு ஸ்வீடனில் ஹாலன்சோஸ் என்றொரு மலைமுகடு இருக்கிறது. அதைக் குடைந்து ரயில் பாதை அமைக்கும் வேலை 1990களில் நடந்தது. பாறை இடுக்குகளிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்ததால், அதை அடைப்பதற்காக ஒரு ரசாயனக் கலவையைப் பாறைக்குள் செலுத்தினார்கள். அந்தக் கலவையில் அக்ரிலமைடு இருந்தது. உள்ளே போய் இறுகிவிட வேண்டிய கலவை முழுதாக இறுகாமல் கசிந்து ஓடையில் கலந்தது. 1997 இலையுதிர் காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தன. மீன் பண்ணையில் மீன்கள் செத்து மிதந்தன. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் சிலருக்குக் கை கால் மரத்துப்போனது. நரம்பைத் தாக்கும் பொருள் என்று அக்ரிலமைடுக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததால், வேலை நிறுத்தப்பட்டு விசாரணை தொடங்கியது.

தொழிலாளர்களின் உடம்பில் எவ்வளவு அக்ரிலமைடு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் மார்கரெட்டா தோர்ன்க்விஸ்ட் குழுவுக்கு வந்தது. அவர்கள் கையாண்ட முறை நுட்பமானது. உடம்புக்குள் போகும் அக்ரிலமைடு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அதுவரை ஒட்டியது ஒட்டியதுதான். ஆகவே ஒரு துளி ரத்தத்தை ஆராய்ந்தால் கடந்த நாலு மாதக் கணக்கு அதில் கிடைத்துவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அங்கேதான் சிக்கல். அந்த ரசாயனத்தைக் கண்ணாலும் காணாதவர்கள், புகைப்பழக்கம்கூட இல்லாதவர்கள், அவர்கள் ரத்தத்திலும் அதே தடம் இருந்தது. தொழிலாளர்களுக்கு இருந்ததைவிடக் குறைவுதான் என்றாலும், எல்லோரிடமும் இருந்தது. மனிதன் சமைத்ததைத் தின்னாத காட்டு விலங்குகளிடமோ அது மிகக் குறைவாகவே தெரிந்தது.

அப்படியானால் சந்தேகம் அடுப்பின் மேல்தான் விழ வேண்டும். குழு எலிகளுக்கு வறுத்த தீனியைக் கொடுத்துப் பார்த்தது. ரத்தத்தில் தடம் ஏறியது. பிறகு மனிதர்கள் சாப்பிடும் பண்டங்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி அளந்தார்கள். இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் ஈடன் டாரெக்கே என்ற ஆய்வு மாணவி. பொரித்த இறைச்சியில் கொஞ்சம்தான் இருந்தது. உருளைக்கிழங்கில் அதைப்போல் பல மடங்கு. வேகவைத்த கிழங்கிலும் பச்சைக் கிழங்கிலும் அளவிடக்கூடிய அளவுக்குக்கூட இல்லை. 2002 ஏப்ரல் 24 அன்று ஸ்வீடன் உணவுத் துறை இதை உலகுக்கு அறிவித்தது. ஆலையில் தயாராகும் ரசாயனம் என்று அதுவரை நினைத்திருந்த பொருளை, மனிதர்கள் வாணலியில் காலங்காலமாகத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எதிலிருந்து தயாராகிறது என்பதும் அதே வருடம் தெரிந்துவிட்டது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்திலும் ஸ்விட்சர்லாந்தின் நெஸ்லே ஆய்வகத்திலும் தனித்தனியாக வேலை செய்தவர்கள் ஒரே விடைக்கு வந்தார்கள். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் ஒரு பக்கம். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற எளிய சர்க்கரை மறு பக்கம். இரண்டும் சேர்ந்து சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால், சர்க்கரை அஸ்பராஜினைப் பிடித்துக்கொள்கிறது. பிடியில் மாட்டிய அஸ்பராஜினிலிருந்து ஒரு துண்டு கரியமில வாயுவாகப் பிரிந்து போகிறது, இன்னொரு துண்டு உடைந்து விலகுகிறது. மிச்சம் நிற்பதுதான் அக்ரிலமைடு. ரொட்டிக்கு மேல்தோல் நிறமும், சிப்ஸுக்கு மணமும், காபிக்கொட்டைக்கு வறுத்த வாசனையும் தருகிற மெய்லார்ட் வினையின் ஒரு கிளை இது. எண்ணெய்க்கு இதில் நேரடிப் பங்கில்லை. சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. நல்ல எண்ணெயில் பொரித்தால் அக்ரிலமைடு வராது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

120 டிகிரி என்ற எண்ணில்தான் சமையலின் சூட்சுமம் இருக்கிறது. எண்ணெய் 170, 180 டிகிரியில் காய்ந்தாலும், அதில் போட்ட கிழங்குச் சீவல் உடனே அந்தச் சூட்டுக்குப் போய்விடாது. பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை சீவலின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வாணலியில் கேட்கும் சடசடப்பும் மேலே பொங்கும் குமிழிகளும் அந்த நீராவிதான். தண்ணீர் குறையக் குறையக் குமிழி சிறுத்து, ஓசை தணிகிறது. சிப்ஸ் போடுகிறவர்கள் சீவலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைவிட அந்த ஓசைக்குத்தான் காது கொடுப்பார்கள். சத்தம் அடங்கியதும் கரண்டியை விட்டு அரித்தெடுப்பார்கள். வேதியியல் கணக்கிலும் அதுவே சரியான நொடி. ஈரம் இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கியதும் சீவலின் சூட்டைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. அது மளமளவென்று எண்ணெயின் சூட்டை நோக்கி ஏறுகிறது. சிப்ஸில் உள்ள அக்ரிலமைடில் பெரும்பகுதி உண்டாவது இந்தக் கடைசிக் கட்டத்தில். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று விட்டுவைக்கும் அரை நிமிடம், அதற்கு முந்தைய சில நிமிடங்களைவிடக் கனமானது.

வேகவைத்த கிழங்கிலும் இட்லியிலும் இது ஏன் வருவதில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். தண்ணீரும் ஆவியும் சூழ்ந்திருக்கும்வரை சூடு அந்த எல்லைக்கு மேல் போக வழியில்லை. பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரியைத் தொட்டாலும் உள்ளே முழுக்க ஈரம். வினைக்கு வேண்டிய வறட்சி அங்கே கிடையாது.

ஒரே எண்ணெய், ஒரே நேரம், ஒரே கை. ஆனால் ஒரு நாள் சிப்ஸ் பொன்னிறமாக வருகிறது, இன்னொரு நாள் மொறுமொறுப்பு ஏறும் முன்பே பழுப்பாகிக் கசக்கிறது. கிழங்கில்தான் வித்தியாசம். உருளைக்கிழங்கில் அஸ்பராஜின் எப்போதும் ஏராளமாக இருக்கும். ஆகவே எவ்வளவு அக்ரிலமைடு உண்டாகும் என்பதை அதிலுள்ள சர்க்கரையே தீர்மானிக்கிறது. குளிர்ந்த இடத்தில், அதாவது ஆறு டிகிரிக்கும் கீழே, வாரக்கணக்கில் வைத்த கிழங்கு தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்து சந்தைக்கு வரும் கிழங்கு லேசாக இனிப்பது இதனால்தான். குழம்புக்கும் பொரியலுக்கும் அதனால் பெரிய குறை இல்லை. சிப்ஸுக்கு அது ஆகாது.

சிப்ஸ் ஆலைகள் இந்தப் பாடத்தை அக்ரிலமைடு என்ற பேச்சு வருவதற்கு முன்பே கற்றுவிட்டன, நிறத்துக்காக. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சர்க்கரை குறைந்த குஃப்ரி சிப்சோனா ரகங்களை 1998இல் வெளியிட்டதும் அந்தத் தேவைக்காகவே. இப்படிப்பட்ட கிழங்கைப் பத்துப் பன்னிரண்டு டிகிரியில், குளிர் மிஞ்சாமல் வைப்பார்கள். லாரி வந்து நின்றதும் சில கிழங்குகளைச் சீவிப் பொரித்துப் பார்ப்பது ஆலைகளின் வழக்கம். இந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம். ஒரு சீவலைப் போட்டுப் பார்க்க வேண்டும். குமிழி நிற்கும் முன்பே ஓரம் பழுத்தால், அந்தக் கிழங்கில் சர்க்கரை ஏறியிருக்கிறது. அதைப் பொரியலுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. வேறு கிழங்கு இல்லையென்றால், சீவலைப் பதினைந்து இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டால் வெட்டுப்பட்ட பரப்பில் உள்ள சர்க்கரை கொஞ்சம் கரைந்து வெளியேறும். பிறகு துணியில் ஒற்றி நன்றாக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தெறிக்கும்.

ரொட்டியில் கணக்கு தலைகீழாகிறது. கோதுமை மாவில் வினைக்குப் போதுமான சர்க்கரை உண்டு. அளவைத் தீர்மானிப்பது அஸ்பராஜின். பிரெட் வேகும்போது உள்ளே இருக்கும் மென்மையான பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, அதனால் அங்கே அக்ரிலமைடு ஏறக்குறைய இல்லை. இருப்பது மேல்தோலில். டோஸ்ட் போடும்போது அந்த மென்மையான பகுதியின் இரு முகங்களையும் காயவைத்துப் புதிய மேல்தோலாக்குகிறோம். வெளிறிய டோஸ்டில் குறைவாகவும், பொன்னிறத்தில் கொஞ்சமாகவும், கருகியதில் மிக அதிகமாகவும் இருக்கும். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2017இல் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்று பிரசாரம் செய்தது இந்தக் காரணத்தால்தான்.

ரொட்டிக்காரர்கள் கையில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஈஸ்ட் வளர்வதற்கு அஸ்பராஜினை விரும்பித் தின்னும். மாவை நீண்ட நேரம் புளிக்கவிட்டால் அடுப்புக்குப் போகும் முன்பே மூலப்பொருள் குறைந்துவிடும். அவசர அவசரமாகப் பொங்கவைத்த ரொட்டிக்கு இந்த நன்மை கிடையாது. வயலிலும் இதற்கு ஒரு வேர் இருக்கிறது: மண்ணில் கந்தகச் சத்து குறைந்தால் கோதுமை மணியில் அஸ்பராஜின் பல மடங்கு கூடிவிடுகிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையம், அஸ்பராஜின் குறைவாக இருக்கும்படி மரபணு திருத்திய கோதுமையை 2021இல் வயலில் விதைத்து ஆராயத் தொடங்கியது.

அளவு என்று பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் ஒரு பிடிமானம் தருகின்றன. உருளைச் சிப்ஸுக்குக் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம், கோதுமை பிரெட்டுக்கு 50. இவை பாதுகாப்பான எல்லைகள் அல்ல; கவனமாகச் செய்தால் எட்டக்கூடிய இலக்குகள், தாண்டினால் தயாரிப்பு முறையைத் திருத்த வேண்டும். இந்தக் கணக்கில் 30 கிராம் சிப்ஸ் பொட்டலத்தில் 22 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அதே எடையுள்ள ஒரு துண்டு டோஸ்ட் செய்யாத பிரெட்டில் ஒன்றரை.

இதனால் புற்றுநோய் வருமா? எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது வந்தது. உடம்பு அக்ரிலமைடை கிளைசிடமைடு என்ற பொருளாக மாற்றுகிறது. அது மரபணுவில் போய் ஒட்டக்கூடியது. அந்த அடிப்படையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ள பொருள் என்று 1994லேயே இதை வகைப்படுத்தியது. மனிதர்களின் உணவுப் பழக்கத்தைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத விடைகளையே தந்திருக்கின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் எல்லாவற்றையும் பரிசீலித்து, கவலைக்கு இடமிருக்கிறது, உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தைகள்தான் அதிகம் உட்கொள்கிறார்கள் என்றது. ஒரு டோஸ்ட் கருகியதற்காகப் பதற வேண்டியதில்லை. தினமும் மாலையில் சிப்ஸ் பொட்டலம் பிரிக்கும் பிள்ளையைப் பற்றி யோசிப்பது நியாயம். சிகரெட் புகையிலும் அக்ரிலமைடு உண்டு. புகைப்பவரின் ரத்தத்தில் அதன் தடம் புகைக்காதவரைவிடப் பொதுவாக மூன்று முதல் ஐந்து மடங்கு.

கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது என்ற அறிவுரையை பிரிட்டன் உணவுத் தர முகமை 2023இல் தளர்த்தியது. இருட்டான குளிர்ந்த இடத்தில் வைப்பதற்கும் வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று புதிய பரிசீலனை காட்டியது. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து வரும் கிழங்குக்கு இது பொருந்தாது, அதன் சர்க்கரை வீட்டுக்கு வரும் முன்பே ஏறிவிட்டது. அப்படிப்பட்ட கிழங்கு வாணலிக்குள் போய்விட்டாலும், பொரித்த பிறகு ஒரு வழி உண்டு. ஆலைகளில், பொரித்து வரும் சீவல்களைக் கேமரா ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கும். பழுப்பு கண்டதும் காற்றை ஊதி அந்த ஒன்றை மட்டும் கீழே தள்ளிவிடும். வீட்டில் அந்த வேலைக்குக் கண்ணே போதும். ஒரு ஈடு பொரித்ததும் தாம்பாளத்தில் பரப்பி, ஓரம் பழுத்த நாலைந்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டால், அந்த ஈட்டின் அக்ரிலமைடில் கணிசமான பங்கு அவற்றோடு போய்விடும்.

(தொடரும்)