கிரியாட்டினினும் மருந்தின் அளவும்

ரத்தத்தில் கிரியாட்டினின் 1.2 மில்லிகிராம் என்றால் சிறுநீரகம் ஏறக்குறைய நன்றாக இருப்பதாகத் தோன்றும். 80 வயதான, 48 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு அது பொருந்தாது. தசை குறைந்த உடலில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரம் இதைக் கணக்கில் கொள்கிறது. 140இல் வயதைக் கழித்தால் 60; அதை எடையால் பெருக்கினால் 2,880. கிரியாட்டினினை 72ஆல் பெருக்கினால் 86.4. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 33.3, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, சுத்திகரிப்பு நிமிடத்துக்கு 28 மில்லிலிட்டர்.

நிமோனியாவுக்குத் தினமும் 750 மில்லிகிராம் தரப்படும் லெவோஃப்ளாக்சசின் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சுத்திகரிப்பு 20 முதல் 49 வரை இருந்தால், அதே 750 மில்லிகிராமை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை தருவதே முறை. இல்லையேல் மருந்து தேங்கி, மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம். கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கை நம்பக்கூடாது.